வேலையிடத்தில் ஒன்றாகக் குறை சொல்வது: எப்படிச் சொல்வது, எங்கே சிக்கல் வரும்



நமது அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கல்வி உதவி, மருத்துவ உதவி கேட்டு வருபவர்கள் பேச்சோடு பேச்சாக வேலையிடத்துக் குறைகளையும் சொல்கிறார்கள். மில்லில் கூடுதல் நேர வேலைக்குச் சரியான கூலி இல்லை, பி.எஃப். பிடிக்கிறார்கள் ஆனால் கட்டுகிறார்களா என்று தெரியவில்லை, பண்ணையில் வார விடுமுறை கிடையாது என்று பலவிதம். "எல்லாரும் சேர்ந்து கேட்கலாமா? கேட்டால் வேலை போய்விடுமா?" என்பதுதான் கடைசியில் வரும் கேள்வி. அதற்கு எங்களால் இயன்ற அளவு விரிவாக இங்கே பதில் எழுதுகிறோம். பரமத்தி வேலூர் சுற்றுவட்டாரத்தில் மில், வெல்ல ஆலை, கோழிப்பண்ணை, லாரி பட்டறை, கடை என்று கூலிக்கும் மாதச் சம்பளத்துக்கும் போகிற எல்லாக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் நம் மாநிலத்தில் அண்மையில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். சேர்ந்து கேட்பதால் என்ன கிடைக்கும், என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்ற இரண்டும் அதில் தெரிகின்றன.

சுங்குவார்சத்திரத்தில் நடந்தது

காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் அருகே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சிப் பெட்டி செய்யும் இடம். அங்கு சுமார் 1,800 பேர் வேலை பார்த்தார்கள். 2024ஆம் ஆண்டு நடுவில் அவர்கள் சி.ஐ.டி.யு. துணையோடு தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துப் பதிவுக்கு விண்ணப்பித்தார்கள். சங்கத்தின் பெயரில் தன் பெயர் வருவதை நிறுவனம் எதிர்த்தது. பதிவு இழுபறியானது.

2024 செப்டம்பர் 9ஆம் தேதி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கத்தை ஏற்க வேண்டும், சம்பளத்தை உயர்த்த வேண்டும், வேலை நேரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பன கோரிக்கைகள். மாதம் சராசரியாக 25,000 ரூபாய் வாங்குகிறோம், அதை 3 ஆண்டுகளில் 36,000 ஆக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்று நிறுவனம் அறிவித்தது. வேலைக்குத் திரும்பாதவர்களை நீக்க நேரிடும் என்றும் எச்சரித்தது. அனுமதி இல்லாமல் பேரணி போக முயன்றதாக செப்டம்பர் 16ஆம் தேதி சுமார் 100 பேரைப் போலீசார் பிடித்து வைத்தார்கள். அக்டோபர் 7ஆம் தேதி, சங்கத்தில் சேராத ஒரு தொழிலாளர் குழுவோடு நிறுவனம் தனியாக ஓர் உடன்பாடு செய்தது. மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையை 2025 மார்ச் வரை தருவதாக அதில் இருந்தது. போராட்டத்தில் இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. அடுத்த இரண்டு நாட்களில் போராட்டப் பந்தல் அகற்றப்பட்டது, சிலர் கைது செய்யப்பட்டார்கள். அமைச்சர்கள் நடுவில் இருந்து பேசியபின், 37 நாட்களுக்குப் பிறகு அக்டோபர் 15ஆம் தேதி போராட்டம் முடிவுக்கு வந்தது. போராடியவர்களைப் பழிவாங்கக் கூடாது, கோரிக்கைகளுக்கு நிறுவனம் சமரச அலுவலரிடம் எழுத்து மூலம் பதில் தர வேண்டும் என்ற அளவில் உடன்பாடு ஏற்பட்டது.

விஷயம் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி இறுதியில் சங்கம் பதிவானது. ஆனால் அடுத்த மாதமே சிலர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். அதை எதிர்த்துத் தொழிற்சாலைக்குள் உட்கார்ந்து போராடியபின் அந்த எண்ணிக்கை 23 ஆனது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, அங்கே ஆயிரம் பேர் இருந்தார்கள், பின்னால் மாநில அளவிலான ஒரு தொழிற்சங்கம் இருந்தது, பத்திரிகைகள் தினமும் எழுதின. அப்படி இருந்தும் 37 நாட்கள் ஆயின. 25,000 ரூபாய் வாங்குபவர் 37 நாள் சம்பளத்தை இழந்தால் அது சுமார் 30,000 ரூபாய். நம் ஊரில் 60 பேர் வேலை பார்க்கும் ஒரு மில்லில் ஒரு வார இழப்பையே எத்தனை குடும்பம் தாங்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாவது, நடுவில் ஒரு பகுதியினரோடு தனி உடன்பாடு செய்வது நிர்வாகங்கள் வழக்கமாகச் செய்வது. அதற்கு முன்கூட்டியே தயாராக இல்லாத கூட்டம் அந்த இடத்தில்தான் உடையும். மூன்றாவது, வெற்றி கிடைத்த பிறகும் நடவடிக்கை வரலாம். பழிவாங்க மாட்டோம் என்ற சொல் எழுத்தில் இருந்தால்தான் பிறகு அதைக் காட்டிக் கேட்க முடியும்.

ஆகவே வேலைநிறுத்தம் என்பது கடைசிப் படி. அதற்கு முன்னால் பல படிகள் இருக்கின்றன. பெரும்பாலான கூலிக் குறைகள் அந்தப் படிகளிலேயே தீரக்கூடியவை.

படிப்படியாக ஓர் எடுத்துக்காட்டு

விளங்குவதற்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு நூற்பாலையில் 8 மணி நேர ஷிப்டுக்குக் கூலி 480 ரூபாய். அதாவது மணிக்கு 60. தினமும் 2 மணி நேரம் கூடுதலாக வேலை வாங்குகிறார்கள். அதற்கும் மணிக்கு 60 ரூபாய் கணக்கில் 120 தான் தருகிறார்கள். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். 240 ரூபாய் வர வேண்டும். நாளுக்கு 120 ரூபாய் குறைகிறது. 26 நாளுக்கு 3,120 ரூபாய். இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் 34 பேர் என்றால் ஒரு மாதத்துக்கு 1,06,080 ரூபாய்.

முதல் படி, இந்தக் கணக்கைப் போடுவதுதான். "நமக்கு அநியாயம் நடக்கிறது" என்று சொன்னால் மேனேஜர் வாதாடுவார். "இத்தனை மணி, இத்தனை ரூபாய்" என்று சொன்னால் அவர் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டில் தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், வாங்கிய கூலி இவற்றை அன்றன்றைக்கே எழுத வேண்டும். குறைந்தது இரண்டு மாதம் எழுதுங்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் வந்த தொகை, இ.எஸ்.ஐ. அட்டை, அடையாள அட்டை எல்லாவற்றின் நகலும் வீட்டில் இருக்கட்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. கூலியும் ஒரு கொடுக்கல் வாங்கல்தான்.

இரண்டாவது படி, யார் யாருக்கு அதே குறை இருக்கிறது என்று தனித்தனியாகக் கேட்பது. வேலை நேரத்தில் இயந்திரத்தை விட்டுப் போய்ப் பேசக் கூடாது. அதுவே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகிவிடும். உணவு இடைவேளையிலோ வேலை முடிந்த பிறகோ பேசுங்கள். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதல் நேரக் கூலி, கழிப்பறை, போனஸ், சூப்பர்வைசரின் பேச்சு என்று பத்தையும் சேர்த்தால், ஒன்பதை விட்டுவிட்டு ஒன்றைக் கொடுத்துக் கூட்டத்தைக் கலைத்துவிடலாம்.

இங்கே நம் மக்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். கூலிக் குறை நம் சமுதாயத்துக்கு மட்டும் உள்ள குறை அல்ல. அந்த 34 பேரில் நம்மவர்கள் ஆறு பேர் இருந்தால், ஆறு பேர் மட்டும் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்காதீர்கள். அப்படிச் செய்தால் கூலிப் பிரச்சினை மதப் பிரச்சினையாகத் திருப்பப்படும். மற்ற 28 பேரும் ஒதுங்கிவிடுவார்கள். இதே காரணத்தால் இதற்கான கூட்டத்தைப் பள்ளிவாசலிலோ ஜமாஅத் மண்டபத்திலோ வைக்க வேண்டாம். எல்லாரும் வந்து போகிற பொதுவான இடமே சரி.

மூன்றாவது படி, மனு எழுதுவது. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்ன குறை, எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு தொகை, என்ன கேட்கிறோம், எத்தனை நாளில் பதில் வேண்டும் என்ற ஐந்தும் இருந்தால் போதும். யாரையும் பெயர் சொல்லித் திட்ட வேண்டாம். "இல்லாவிட்டால் வேலையை நிறுத்துவோம்" என்று எழுதவே கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

வரிசையாக எண் போட்டுக் கையெழுத்து வாங்கினால் முதலில் இருப்பவரைத் தலைவர் என்று பிடித்துக்கொள்வார்கள். அதனால் தாளின் நடுவில் கோரிக்கையை எழுதிச் சுற்றிலும் வட்டமாகக் கையெழுத்து வாங்கும் பழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது. நாமும் அப்படிச் செய்யலாம். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி மேலே பிறகு எழுதிக்கொள்வது மட்டும் கூடாது. படித்துக் காட்டியபின் போடுவதுதான் கையெழுத்து.

நிர்வாகத்திடம் நேரில் கொடுத்தால் நகலில் தேதியும் முத்திரையும் வாங்க வேண்டும். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் ஒப்புகை கேட்டு அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்பவர்கள் ஒப்பந்ததாரருக்கும் ஆலை நிர்வாகத்துக்கும் இரண்டு பேருக்கும் அனுப்ப வேண்டும். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் மற்றவர் தனக்குத் தெரியாது என்பார்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அதில் நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். குறை ஏற்பட்ட ஓராண்டுக்குள் அங்கே விண்ணப்பிக்கலாம். குழு 30 நாளில் முடிக்க வேண்டும். இது தனித்தனி ஆளின் குறைக்கான இடம் என்பதால் ஒவ்வொருவரும் தன் பெயரில் கொடுக்க வேண்டும். 34 பேரும் ஒரே நாளில் 34 விண்ணப்பம் கொடுத்தாலும் தவறில்லை.

நான்காவது படி, அரசு அலுவலகம். பதில் வராவிட்டால் நாமக்கல்லில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போக வேண்டும். கூலிப் பாக்கிக்கு எத்தனை தொழிலாளருக்காகவும் ஒரே விண்ணப்பம் கொடுக்கலாம் என்று கூலிச் சட்டத் தொகுப்பே இடம் தருகிறது. பதிவு பெற்ற தொழிற்சங்கமும் நமக்காகக் கொடுக்கலாம். இதற்குக் காலக்கெடு 3 ஆண்டு. எந்தப் படிவம், எந்த அலுவலர் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தாலும் அது பெரும்பாலும் இதே துறைக்குத்தான் வரும். ஆனாலும் அங்கே ஒரு பதிவு எண் கிடைக்கும், அது உதவும்.

சட்டத்தில் வழுக்கும் இடங்கள்

நல்ல நோக்கத்தோடு தொடங்கியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில இருக்கின்றன.

திடீரென்று வேலையை நிறுத்துவது அதில் முதலாவது. புதிய சட்டப்படி எந்தத் தொழிலகத்திலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. அறிவிப்பு கொடுத்தபின் சமரச அலுவலர் இரு தரப்பையும் அழைத்து முதல் கூட்டம் நடத்திவிட்டால், அந்தப் பேச்சு நடக்கும் காலத்திலும் அதன் பிறகு 7 நாளும் நிறுத்தக் கூடாது. அதாவது நடைமுறையில் சட்டப்படியான வேலைநிறுத்தம் மிகக் கடினம். மீறினால் 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தூண்டிவிட்டவர் என்று கருதப்படுபவருக்கு அபராதம் 10,000 முதல் 50,000 வரை போகும். மனுவில் மிரட்டல் வாசகம் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

"நாங்கள் ஸ்டிரைக் செய்யவில்லை, எல்லாரும் லீவு போட்டோம்" என்பது இரண்டாவது. பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம் என்றே புதிய சட்டம் சொல்கிறது. அதுமட்டுமல்ல, 10 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால், வேலை ஒப்பந்தத்தில் அப்படி நிபந்தனை இருக்கும் இடங்களில், 8 நாள் கூலி வரை பிடிக்க முடியும். ஒரு நாள் கோபத்துக்கு 8 நாள் கூலி.

மூன்றாவது, கைகலப்பு. 2009இல் கோவை பிரிக்கால் தொழிற்சாலையில் நடந்த தகராறில் மனிதவள அதிகாரி ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். 2015 டிசம்பரில் 8 தொழிலாளர்களுக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2017 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவர்களில் 6 பேரை விடுதலை செய்தது, இருவரின் தண்டனையை உறுதி செய்தது. குற்றமற்றவர் என்று விடுதலையான ஆறு பேரும் அதற்குள் பல ஆண்டு வழக்கையும் சிறையையும் பார்த்துவிட்டார்கள். ஓர் உயிரும் போய்விட்டது. மேனேஜரைச் சூழ்ந்துகொள்வது, வழி மறிப்பது, கதவை மூடுவது இவை நடக்கும் இடத்தில் நீங்கள் ஓரமாக நின்றாலும் உங்கள் பெயர் வரும். அங்கிருந்து விலகிவிட வேண்டும்.

நான்காவது, வாட்ஸ்அப். குழுவில் போடும் ஒவ்வொரு வார்த்தையும் நிர்வாகத்தின் மேஜைக்குப் போகும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். திட்டு, மிரட்டல், ஆலைக்குள் எடுத்த வீடியோ, ஊர்ஜிதமாகாத செய்தி இவை வேண்டாம். கூடும் நாளும் இடமும் தெரிவிக்க மட்டும் அதை வைத்துக்கொள்வது நல்லது.

பழிவாங்கல் வந்தால்

வேலையை விட்டு நேராக நீக்குவது குறைவு. ஷிப்டை மாற்றுவது, தூரமான யூனிட்டுக்கு அனுப்புவது, ஓ.டி. கொடுக்காமல் நிறுத்துவது, சின்னத் தவறுக்கு மெமோ கொடுப்பது, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாய்மொழியாகச் சொல்வது, இவைதான் முதலில் வரும். மனு கொடுத்த தேதிக்குப் பிறகே இவை தொடங்கின என்று காட்ட உங்கள் நோட்டும் தபால் ரசீதும் உதவும்.

மெமோ வந்தால் வாங்க மறுக்காதீர்கள். வாங்கி, குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். வாய்மொழியாக வர வேண்டாம் என்றால் வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. மறுநாளும் ஷிப்ட் நேரத்துக்கு வாசலுக்குப் போங்கள். உள்ளே விடவில்லை என்றால் அன்றே "வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்" என்று ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். இல்லாவிட்டால் "தானாகவே நின்றுவிட்டார்" என்று எழுதிவிடுவார்கள். எந்தக் காரணத்துக்கும் வெள்ளைத் தாளிலோ ராஜினாமாக் கடிதத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். "போட்டால்தான் பாக்கிப் பணம் வரும்" என்று சொன்னாலும் போடாதீர்கள்.

சமரச அலுவலர் முன் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது, அந்தப் பிரச்சினை தொடர்பாக ஒருவரை நீக்க வேண்டுமானால் நிர்வாகம் அந்த அலுவலரிடம் எழுத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். வேலை நிலைமைகளைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்றவும் கூடாது. ஆகவே குறை பேச்சளவில் இருப்பதைவிட அலுவலர் முன் பதிவாகி நிற்பதே பாதுகாப்பு. நீக்கப்பட்டவர் சமரச அலுவலரிடம் விண்ணப்பித்து, 45 நாளில் தீராவிட்டால் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் நீக்கிய தேதியிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

இந்தப் பாதுகாப்புகளுக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. வழக்கு முடிய ஆண்டுகள் ஆகலாம். அதுவரை அடுப்பெரிய வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரையும், பெயர் பதிவேட்டிலேயே இல்லாதவரையும் அனுப்பிவிடுவது எளிது. வீட்டில் ஒரே சம்பாத்தியம், நோயாளி, மகளின் நிக்காஹ் தேதி வைத்திருப்பவர் என்று இருந்தால், அவர் முன்னால் நிற்காமல் கையெழுத்தோடு நின்றுகொள்ளட்டும். யார் முன்னால் நிற்பது, யாருக்கு வேலை போனால் மற்றவர்கள் மாதம் எவ்வளவு கொடுப்பது என்பதை மனு கொடுக்கும் முன்பே பேசி முடிக்க வேண்டும். 34 பேரும் மாதம் 200 ரூபாய் போட்டால் 6,800 ரூபாய் வரும். ஒரு வீட்டுக்கு அரிசி பருப்புக்காவது ஆகும். நிர்வாகம் சிலரை மட்டும் அழைத்துத் தனியாகப் பேசினால் என்ன சொல்வது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். "எல்லாரிடமும் கேட்டுவிட்டு நாளை சொல்கிறோம்" என்பதுதான் ஒரே பதிலாக இருக்கட்டும்.

சங்கம் வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். 7 பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் தொழிலாளரில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். சிறிய ஆலைகளில் புதிதாகத் தொடங்குவதைவிட, ஏற்கெனவே பதிவாகி இயங்கும் ஒரு சங்கத்தில் சேருவது எளிது. எந்தச் சங்கம் என்பது அவரவர் முடிவு. நாங்கள் எதையும் பரிந்துரைப்பதில்லை.

சட்ட உதவிக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களும் தொழிலாளர்களும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெறலாம். நாமக்கல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். மனுவை எங்கும் அனுப்பும் முன் ஒருமுறை அங்கே காட்டுவது நல்லது.

நமது அலுவலகத்தில் கணக்குப் போடவும், மனு எழுதவும், நகல் எடுக்கவும் உதவுகிறோம். எந்த ஆலையிடமும் அறக்கட்டளையின் பெயரில் பேச மாட்டோம். அது தொழிலாளர்களின் குறை, அவர்கள் பெயரிலேயே போக வேண்டும். வரும்போது சம்பளச் சீட்டையும், தேதி போட்டு எழுதிய நோட்டையும் கொண்டு வாருங்கள். நோட்டு இன்னும் தொடங்கவில்லை என்றால் இன்றைய ஷிப்டிலிருந்து தொடங்குங்கள், இன்ஷா அல்லாஹ் இரண்டு மாதம் கழித்துச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்